சென்ட்ரலில் இருந்து திருவான்மியூர்: மீட்டரா, பேரமா, ரயிலா?

சென்ட்ரல் வாசலில் பையோடு நிற்கிறேன். போக வேண்டியது திருவான்மியூர், ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டுநர் கேட்டது 350 ரூபாய். “மீட்டர் போட்டுப் போங்கண்ணா” என்றேன். “மீட்டர்லாம் கட்டுப்படியாகாது சார்” என்றார். சென்னையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்த இடத்தில் நம் கையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது தேறும் என்பதைத்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் கணக்கு. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அப்படியானால் நம் பயணத்துக்கு 25-ஓடு 11.2 பெருக்கல் 12, அதாவது சுமார் 160 ரூபாய். 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணம் அறிவித்தன: முதல் 1.8-க்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18. அது அரசாணை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் இதே பயணம் 250 ஆகிறது. ஆக 160 சட்டம் சொல்வது, 250 ஓட்டுநர்களே நியாயம் என்று சொல்வது, 350 வாய்க்கு வந்தது.

மீட்டர்தான் வேண்டும் என்று நிற்பது முதல் வழி. சட்டம் நம் பக்கம்தான். ஆனாலும் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு என்றால் இது பெரும்பாலும் நடப்பதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. நெரிசலில் நிற்கும் நேரத்துக்கு மீட்டர் தருவது 5 நிமிடத்துக்கு 3.50, அதாவது ஒரு மணி நேரம் நின்றால் 42 ரூபாய். மாலை நேரத்தில் இந்தப் பயணமே ஒரு மணி நேரம் பிடிக்கும். போய் இறக்கிவிட்ட இடத்தில் திரும்பச் சவாரி கிடைக்காவிட்டால் காலியாக வர வேண்டும். 2013-இன் எரிபொருள் விலையும் இன்று இல்லை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் தரலாம், தரவும் வேண்டும். ஆனால் அது அன்றைக்கு நம்மை வீட்டில் சேர்க்காது.

சரி, யாராவது மீட்டர் போட ஒப்புக்கொண்டால்? சூடு வைத்த மீட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடத்தில் தூரத்தைக் கவனித்து வாருங்கள். 2.8 கிலோமீட்டரில் 37 ரூபாயும், 5.8-இல் 73-உம் காட்ட வேண்டும். சிக்னல்களில் நின்றதற்குக் கொஞ்சம் கூடலாம். 5.8-இல் நூறைத் தாண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கைபேசிச் செயலியில் ஆட்டோ போடுவது அடுத்தது. தொகை முன்கூட்டியே தெரிவதுதான் இதன் பலம். ஆனால் ஏற்றுக்கொண்ட கையோடு ஓட்டுநர் போன் போட்டு, “எங்க சார் போகணும், எவ்வளவு காட்டுது? மேல அம்பது குடுங்க” என்பார். மறுத்தால் ரத்து. இரண்டு முறை இப்படி ஆனால் இருபது நிமிடம் போய்விடும். ஆனாலும் ஒரு பயன் உண்டு: வண்டி வராவிட்டாலும் திரையில் தெரிகிற தொகை பேரத்துக்கு உதவும்.

என் ஓட்டு பேரத்துக்குத்தான், ஆனால் கணக்கோடு. “350-ல பாதி குடுக்கிறேன்” என்று ஆரம்பித்தால் வீம்பு பேச்சாகத்தான் முடியும். “உங்க சங்கம் சொன்ன ரேட்டுலயே 250தாண்ணா வருது” என்று சொன்னால் பேச்சின் தொனியே மாறுகிறது. நான் 220-இல் தொடங்கி 260 வரை போவேன். 300-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்பவரோடு மேற்கொண்டு பேசுவதில்லை. ஏறுவதற்கு முன்பே எத்தனை பேர், எவ்வளவு சாமான், சரியாக எந்தத் தெரு என்று சொல்லிவிட வேண்டும். “திருவான்மியூர்” என்று மட்டும் சொல்லி ஏறினால், கொட்டிவாக்கம் பக்கம் இரண்டு தெரு உள்ளே போகும்போது இன்னொரு முப்பது ரூபாய் முளைக்கும்.

நிலையத்துக்கு வெளியே கொஞ்சம் நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்திக் கேட்பதும் நல்லது. ஸ்டாண்டில் வரிசையில் நிற்பவர் அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கத் தயாராக இருப்பார். காலியாக ஓட்டி வருபவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

எல்லாவற்றையும்விட மலிவு, சாலையைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறுவது. திருவான்மியூரில் இறங்க அரை மணி நேரம் போல ஆகும், டிக்கெட் சில ரூபாய்தான். அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆட்டோ. குறுகிய தூரத்தில் திரும்பும் சவாரிப் பிரச்சினை இல்லாததால் பேரமும் சுருக்கமாக முடிகிறது. கையில் ஒரு பை மட்டும் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன். இரண்டு பெட்டியும் வயதான அம்மாவும் கூட இருந்தால் ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்குவதற்கு 250 ரூபாய் ஆட்டோவே பரவாயில்லை.

இரவு 11 மணி தாண்டிவிட்டால் கணக்கு மாறுகிறது. 11-இலிருந்து காலை 5 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் என்பது அரசாணையிலேயே உண்டு. 160 அப்போது 240 ஆகிவிடும். அந்த நேரத்தில் 280, 300 கேட்பவரோடு நான் அதிகம் மல்லுக்கட்டுவதில்லை.