கருவாட்டுக் கடைக்கு ஒரு குறுங்காணொளிச் சேனல்: இருபத்தொன்பது மாத அனுபவம்

எங்கள் கடைக்கு முகப்பும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. திருகோணமலை உப்புவெளியில் வீட்டின் பின்அறையில் ஒரு தராசும், காற்றை உறிஞ்சிப் பொதி செய்யும் சிறிய இயந்திரமும், வட்ஸ்அப் பிசினஸ் உள்ள ஒரு கைத்தொலைபேசியும் இருக்கின்றன. குச்சவெளியில் என் மாமி காயவைக்கும் நெத்தலி, அறுக்குளா, திருக்கைக் கருவாடுகளைத் தீவின் மற்ற ஊர்களுக்குக் கூரியர் மூலம் அனுப்பி, பொதி கைக்குக் கிடைக்கும்போது பணம் பெறும் முறையில் விற்கிறோம். 2023 மே மாதத்தில் இதற்கெனத் தமிழில் குறுங்காணொளிகள் போடத் தொடங்கினேன். யூடியூப் ஷோர்ட்ஸிலும் டிக்டொக்கிலும் பேஸ்புக் ரீல்ஸிலும் ஒரே காணொளியையே ஏற்றி வருகிறேன். 2025 ஒக்டோபர் வரை 118 காணொளிகள் ஆகியுள்ளன. அவற்றில் எவை பார்வையாளரைக் கொண்டுவந்தன, எவை வாங்குபவரைக் கொண்டுவந்தன என்ற வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முதல் ஆண்டு முழுவதும் சென்றது.

முதல் நான்கு மாதங்களில் அதிகம் ஓடிய காணொளி, விடியற்காலையில் மாமி வலைப்பாயில் நெத்தலி பரப்புவதைக் காட்டியது. பின்னால் கடல், மேலே மெல்லிய இசை, பேச்சு எதுவும் இல்லை. யூடியூபில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்வைகள் வந்தன. அந்த வாரம் கூடுதலாகப் பொதி உறைகள் வாங்கி வைத்தேன். வந்த கட்டளைகள் நான்கு. கருத்துப் பகுதியிலோ தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் அனுப்புவீர்களா என்று கேட்டவர்களே நிறைந்திருந்தார்கள். பகுப்பாய்வுப் பக்கத்தில் நாடுவாரிப் பட்டியலைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது: அந்தக் காணொளியின் பார்வையாளர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இந்தியாவில் இருந்தார்கள், இலங்கையர் பத்துப் பேர்கூட இல்லை. உணவுப் பொருளைக் கடல் கடந்து அனுப்புவதற்கான அனுமதிகளும் அதற்கான முதலும் எங்களிடம் இல்லை.

இலங்கையில் இருந்துகொண்டு தமிழில் சேனல் நடத்தும் எவரும் இந்த நிலைக்கு வந்து சேர்வார்கள் என்றே நினைக்கிறேன். தமிழ் பேசுவோரில் மிகப் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள். காணொளியை விரும்பிப் பார்த்தவர்களைப் போன்ற மற்றவர்களுக்கே தளம் அதை மேலும் காட்டுகிறது. ஆகவே இடமும் விலையும் பேச்சும் இல்லாத அழகான காணொளி ஒன்று, தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல, ஆள் மிகுந்த பக்கத்துக்கே போய்விடுகிறது. தவறு என்னுடையதும்கூட. தேடுவோருக்கு எளிதாக இருக்கட்டும் என்று தலைப்பில் 'நெத்திலி' என்றும், அறுக்குளாவை 'வஞ்சிரம்' என்றும் எழுதி வந்தேன். எங்கள் வாடிக்கையாளர் எவரும் வாயில் எடுக்காத சொற்கள் அவை. பிறகு எங்கள் வீட்டுப் பெயர்களுக்கே திரும்பினேன்; முதல் வாக்கியத்திலேயே திருகோணமலை என்ற பெயரையும், விலையை 'இலங்கை ரூபா' என்ற சொல்லோடும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். பார்வைகள் விழுந்தன. இலங்கைப் பார்வையாளர்களின் பங்கு மெல்ல உயர்ந்து, இப்போது பெரும்பாலான காணொளிகளில் பாதிக்கு மேல் நிற்கிறது.

அடுத்த சிக்கல் கணக்குச் சம்பந்தப்பட்டது. எந்தக் காணொளியைப் பார்த்து ஒருவர் வந்தார் என்பது தெரியாமல் எதைத் திருத்துவது? ஷோர்ட்ஸ் விளக்கத்திலும் கருத்திலும் இடும் இணைப்புகளைச் சொடுக்க முடியாதபடி யூடியூப் 2023 ஓகஸ்ட் இறுதியில் மாற்றிவிட்டது. அதனால் காணொளிக்கு ஓர் இணைப்பு என்ற வழி அடைபட்டது. சேனலின் முகப்புப் பக்கத்தில் மட்டும் இணைப்பு வைக்கலாம். அதற்கு வட்ஸ்அப்பின் குறுகிய முகவரி போதும்:

```
https://wa.me/947XXXXXXXX?text=YT
```

இதைத் தொட்டவுடன் எங்கள் எண்ணுக்கான உரையாடல் திறந்து, எழுதும் பெட்டியில் YT என்பது தானாகவே நிற்கும். டிக்டொக் முகப்புக்கு TT, பேஸ்புக்குக்கு FB என்று மாற்றி வைத்தேன். எண்ணின் முன்னால் வரும் பூச்சியத்தை நீக்கிவிட்டு 94 என்ற நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும். நான் பூச்சியத்தையும் சேர்த்து எழுதி மூன்று வாரம் வைத்திருந்தேன். இணைப்பைத் தொட்டவர்களுக்கு உரையாடல் திறக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. வேறொரு தொலைபேசியிலிருந்து தொட்டுப் பார்த்த நாளில்தான் பிடிபட்டது.

இது தளத்தை மட்டுமே சொல்லும், காணொளியைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு காணொளியின் முடிவிலும் ஒரு சொல்லைச் சொல்லி, "அதை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டேன். முதலில் சுளகு, தராசு போன்ற சொற்களைக் கொடுத்தேன். ஒருவர் தமிழில் எழுதினார், ஒருவர் tharasu என்றார், இன்னொருவர் tarasu என்றார், சிலர் குரல் பதிவு அனுப்பினார்கள். மாத முடிவில் வட்ஸ்அப்பில் தேடி எண்ணும்போது பாதி அகப்படவில்லை. எனவே காணொளியின் வரிசை எண்ணையே குறியாக்கினேன். 'இருபத்து நான்கு என்று அனுப்புங்கள்' என்றால் எல்லோரும் 24 என்றே எழுதுகிறார்கள். எண்ணை அனுப்புபவருக்குக் கூரியர் கட்டணத்தில் ஐம்பது ரூபா கழிவு என்று சேர்த்த பிறகு, கேட்காமலே எழுதுவோர் தொகை கூடியது. ஒரு கொப்பியில் திகதி, காணொளி எண், ஊர், தொகை, ஏற்றாரா திருப்பினாரா என்று ஐந்து கட்டங்கள் போட்டு எழுதுகிறேன். இதைவிடப் பயன்பட்ட கருவி எனக்கு வேறு இல்லை.

கொப்பியில் மற்றவற்றை விட்டு வெகுதூரம் முன்னே நிற்பது 24-ஆம் எண்தான். 38 செக்கன் காணொளி, 6,400 பார்வைகள், முதல் மாதத்தில் 31 கட்டளைகள். அதில் கடலும் இல்லை, இசையும் இல்லை. முதல் படத்திலேயே தராசின் மேல் நெத்தலி கொட்டப்படுகிறது. வணக்கம் சொல்லாமல், "திருகோணமலை நெத்தலி, ஐந்நூறு கிராம் எண்ணூற்று ஐம்பது இலங்கை ரூபா" என்று பேச்சு தொடங்குகிறது. பிறகு ஒரு பிடியை எடுத்துக் கையில் நொறுக்கி, நன்றாகக் காய்ந்ததன் ஒலியைக் கேட்கவைக்கிறேன். ஒரு நெத்தலியைத் தலை கிள்ளி, குடல் எடுத்து, சட்டித் தண்ணீரில் அலசி, அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்பதையும் மறைக்காமல் காட்டுகிறேன். உப்புக் கூடியது, கறிக்குப் போடுமுன் பத்து நிமிடம் ஊறவையுங்கள் என்கிறேன். கடைசியில் பொதியும் எண்ணும்.

வணக்கத்தை ஏன் விட்டேன் என்பதற்கும் காரணம் உண்டு. எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் விரலால் தள்ளிவிட்டுப் போனார்கள் என்ற விகிதத்தையும், எந்தச் செக்கனில் ஆட்கள் கழன்றார்கள் என்ற வரைகோட்டையும் யூடியூப் காட்டுகிறது. என் பழைய காணொளிகளில் அந்தக் கோடு 'வணக்கம், நான்...' என்ற இடத்திலேயே சரிந்திருந்தது. மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று தயங்கியே வணக்கத்தைக் காணொளியின் கடைசிக்கு நகர்த்தினேன். யாரும் குறை சொல்லவில்லை. மாமி மட்டும் சொன்னார்.

மணலைக் காட்டியது விற்பனையைக் கெடுக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நடந்தது வேறு. தொடக்க ஆறு மாதங்களில் அனுப்பிய 140 பொதிகளில் 26 திரும்பி வந்தன. வாசலில் பொதியைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கேட்காமல் கட்டளை போட்டுவிட்டார்கள், இவ்வளவு மணக்கும் என்று நினைக்கவில்லை, இவ்வளவு சிறியதா என்று மறுத்தவர்கள் அவர்கள். எங்கள் கூரியர் திரும்பும் பொதிக்கும் பாதிக் கட்டணம் அறவிடுவதால், ஒன்று திரும்பினால் இரண்டு பொதியின் இலாபம் போய்விடுகிறது. எடை, உப்பு, மணம், மணல் ஆகியவற்றைக் காணொளியிலேயே சொல்லத் தொடங்கிய பின்னர் அனுப்பிய 220 பொதிகளில் திரும்பியவை 13. வத்தளையிலிருந்து ஒரு அம்மா எழுதியதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "பிள்ளை, மண் இருக்கு எண்டு நீங்களே சொன்னபடியாத்தான் நம்பி எடுத்தனான்."

விலையைச் சொல்வதில் இன்னும் முழுமையாகத் தீராத ஒரு தொல்லை இருக்கிறது. குறுங்காணொளி போட்ட வாரத்தோடு அடங்குவதில்லை. சில, ஏழெட்டு மாதம் கழித்துத் திடீரென்று மீண்டும் பரவுகின்றன. ஏற்றிய காணொளியின் ஒலியைத் திருத்தி புதிய விலையைச் சேர்க்க முடியாது. 24-ஆம் காணொளி 2024 டிசம்பரில் மறுபடி ஓடியபோது, நெத்தலி விலை ஏறியிருந்தது மட்டுமல்ல, கையிருப்பும் இல்லை. மழை பெய்யும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இந்தக் கரையில் வெயிலை நம்பிக் கருவாடு காயவைக்க முடியாது. ஆவணி, புரட்டாதியில் காயவைத்து எடுத்து வைத்ததே விற்பனைக்கு. பழைய விலையைக் கேட்டு வந்த பத்தொன்பது பேருக்கு விளக்கம் எழுதி அலுத்துப்போனேன். இப்போது விலையைச் சொல்லும்போது 'இந்த ஆனி மாத விலை' என்று மாதத்தையும் சேர்க்கிறேன். யூடியூபில் ஒவ்வொரு காணொளியின் கீழும் என் கருத்து ஒன்றை மேலே குத்தி வைத்து, இன்றைய விலையையும் கையிருப்பையும் அதில் திருத்திக்கொள்கிறேன். எல்லோரும் அதைப் படிப்பதில்லை. கேள்விகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன.

தளங்கள் செய்த மாற்றங்களில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். 2024 ஒக்டோபரில் ஷோர்ட்ஸின் நீளம் ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாக உயர்ந்தது. இரண்டு நிமிடக் கறிச் செய்முறைகள் ஆறு போட்டுப் பார்த்தேன். பாராட்டுகள் வந்தன, எண் எழுதி வந்தவர் இருவர். மறுபடியும் நாற்பது செக்கனுக்குள் திரும்பிவிட்டேன். 2025 மார்ச் இறுதியிலிருந்து, ஷோர்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. என் பார்வை எண்ணிக்கை ஒரே மாதத்தில் உயர்ந்ததைப் பார்த்து நண்பர்கள் வாழ்த்தினார்கள். கொப்பியில் ஒரு வரிகூடக் கூடவில்லை. பழைய முறையோடு ஒப்பிட விரும்புபவர்கள் பகுப்பாய்வில் தனியாகக் காட்டப்படும் ஈடுபாட்டுப் பார்வைகளைப் பார்க்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் பெரிதில்லை. சட்டையில் குத்தும் மைக் ஒன்றும் அதற்கு உரோம உறையும் வாங்கினேன். உப்புவெளிக் காற்றில் உறை இல்லாமல் பதிந்த பேச்சு பயன்படாது. நேரச் செலவுதான் கனமானது. ஒரு காணொளிக்கு எடுப்பு, வெட்டல், எழுத்து இடல் எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலம் ஆகிறது. வாரம் ஒன்றுக்கு மேல் போடுவதில்லை. இப்போது மாதத்தில் வரும் கட்டளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணொளி எண்ணோடு வருகிறது. எஞ்சியவை முன்பே வாங்கியவர்களும் அவர்கள் சொல்லி வந்தவர்களும்.

மழை தொடங்க இன்னும் இரண்டு வாரமாவது இருக்கும் என்கிறார் மாமி. பின்அறையில் 64 கிலோ நெத்தலி இருக்கிறது. நேற்று 118-ஆம் காணொளியில் அந்தச் சாக்குகளையே காட்டி, இது முடிந்தால் அடுத்தது மாசியில்தான் என்று சொன்னேன். இன்று காலை வரை எண் எழுதியவர்கள் ஒன்பது பேர்.