விண்ணப்பக் கடிதத்தில் எந்த இணைப்பு: கிட்ஹப் பக்கமா, ஓடும் டெமோவா, சொந்தத் தளமா?

சென்ற ஆண்டு வேலை மாறுவதற்காகக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, கடைசிப் பத்தியில் ஐந்து இணைப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். லிங்க்ட்இன், கிட்ஹப் கணக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டெமோ, சொந்தத் தளம், நிரல் போட்டித் தளம் ஒன்றில் இருக்கும் கணக்கு. கடைசியில் வேலை கிடைத்த கடிதத்தில் இருந்தவை இரண்டே. எதை எதற்காக எடுத்தேன் என்பதைச் சொல்கிறேன். நான் பேக்எண்ட் நிரல் எழுதுகிறவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று ஆண்டு அனுபவம் இருந்தாலும் வெளியே காட்ட எதுவும் இல்லை என்பதுதான் என் சிக்கல். அலுவலக நிரல் முழுவதும் நிறுவனத்தின் சொத்து. அதை எங்கும் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. எனக்கென்று இருந்தது ஈரோட்டில் சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு எழுதிக் கொடுத்த இருப்புக் கணக்குச் செயலி ஒன்றுதான். நான் விண்ணப்பித்த வேலையின் விளம்பரத்தில், ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றும் அமைப்புகளில் அனுபவம் வேண்டும் என்று இருந்தது. சித்தப்பா கடையில் நான் முட்டி மோதியதும் அதே சிக்கலோடுதான். ஆகவே எதைக் காட்டுவது என்பதில் குழப்பமில்லை. எந்த வாசல் வழியாகக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

சுலபமாக முடிவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லிங்க்ட்இன் இணைப்பு சுயவிவரத்தின் தலைப்பகுதியில், தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். மனிதவளப் பிரிவினர் எப்படியும் தேடிப் பார்ப்பார்கள். வேலை பார்த்த தேதிகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு இல்லாதவர் திறந்தால் பல சமயம் உள்நுழையச் சொல்லும் திரைதான் வரும் என்பதால், கடிதத்தின் வாதத்தை அதன்மேல் கட்ட முடியாது. போட்டித் தளக் கணக்கை எடுத்துவிட்டேன். படிப்பை முடித்துவிட்டு வருகிறவருக்கு அது உதவலாம். மூன்று ஆண்டு வேலை பார்த்தவரிடம் யாரும் அதைக் கேட்டு நான் பார்க்கவில்லை.

கிட்ஹப்பில் கணக்குப் பக்கத்தைத் தருவதா, குறிப்பிட்ட களஞ்சியத்தைத் தருவதா என்பது அடுத்தது. பெரும்பாலோர் கணக்குப் பக்கத்தைத் தருகிறார்கள். நானும் அப்படித்தான் தந்துகொண்டிருந்தேன். திறப்பவர் கண்ணில் முதலில் படுவது பச்சைக் கட்டங்கள் கொண்ட அந்த வரைபடம். அலுவலக நிரல் வேறு கணக்கிலோ தனிப்பட்ட களஞ்சியத்திலோ இருந்தால், மூன்று ஆண்டு உழைத்தவரின் கட்டங்களும் வெறுமையாகவே தெரியும். தனிப்பட்ட பங்களிப்புகளையும் காட்டும்படி அமைப்பில் மாற்றலாம். ஆனால் எண்ணிக்கைதான் தெரியுமே தவிர, என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. பக்கத்தின் மேலே ஆறு களஞ்சியங்கள் வரை பொருத்தி வைக்கலாம். வைக்காவிட்டால் எதை முன்னால் காட்டுவது என்பதை கிட்ஹப்பே தீர்மானிக்கும். கல்லூரியில் பயிற்சிக்காக எழுதிய கால்குலேட்டர் முன்வரிசையில் வந்து நிற்கும். கணக்குப் பக்கத்தைத் தந்தால் எதைப் பார்ப்பது என்று தேடும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுகிறோம். களஞ்சியத்தின் இணைப்பைத் தந்தால் அந்தத் தேர்வை நாமே செய்து கொடுக்கிறோம். எனக்கு இதில் இரண்டு பேச்சு இல்லை.

இனி நான் அதிக நேரம் செலவழித்த இடத்துக்கு வருகிறேன். ஓடுகிற டெமோவா, அதை விளக்கும் நிலையான ஒரு பக்கமா?

டெமோவின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. தொட்டுப் பார்க்கலாம், பொத்தானை அழுத்தலாம், நிஜமாகவே செய்திருக்கிறார் என்ற நம்பிக்கை வரும். ஆனால் கடிதத்தில் போகிற இணைப்பு எப்போது திறக்கப்படும் என்பது நம் கையில் இல்லை. அனுப்பிய அன்றே திறக்கலாம், ஐந்து வாரம் கழித்து நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்பும் திறக்கலாம். அந்த ஐந்து வாரமும் டெமோவை யார் கவனித்துக்கொள்வது?

இலவச சர்வர்களின் இயல்பு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. ஹெரோக்கு 2022 நவம்பர் 28 முதல் இலவசத் திட்டத்தை நிறுத்தியபோது, அதை நம்பிச் சுயவிவரங்களில் போட்டிருந்த டெமோ இணைப்புகள் செத்துப்போயின. ரெண்டர் தளத்தின் இலவச சேவை 15 நிமிடம் யாரும் வராவிட்டால் உறங்கிவிடும். அடுத்து வருபவருக்காக அது விழித்தெழச் சுமார் ஒரு நிமிடம் ஆகும். நமக்கு ஒரு நிமிடம் பெரிதல்ல. நாற்பது விண்ணப்பங்களைப் புரட்டுகிறவர் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். அங்கே இலவச போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கும் 30 நாள்தான் ஆயுள். இவற்றில் ஒளிவுமறைவு இல்லை, அவர்களின் விளக்கப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கடிதம் எழுதும் நாளில் நாம்தான் அதை யோசிப்பதில்லை.

எனக்கு நேர்ந்தது வேறு. சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவர்கள் உள்ளே போவதற்காக ஒரு டெமோ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கடிதத்தில் கொடுத்திருந்தேன். அந்தக் கணக்கிலிருந்து கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தை மூடி வைக்க மறந்துவிட்டேன். யாரோ மாற்றிவிட்டார்கள். அந்த வேலைக்கான நேர்காணலில், “உள்ளே போக முடியவில்லையே” என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பேக்எண்ட் வேலைக்கு விண்ணப்பித்தவனின் டெமோவில் உள்நுழைவே வேலை செய்யவில்லை என்றால் அது எப்படிப்பட்ட அறிமுகம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு டெமோவை நிறுத்திவிட்டு கிட்ஹப் பேஜஸில் நிலையான ஒரு பக்கம் போட்டேன். `username.github.io` என்ற வடிவில் முகவரி கிடைக்கும். பொதுக் களஞ்சியத்துக்குக் கட்டணம் இல்லை. பின்னால் டேட்டாபேஸ் இல்லை, உள்நுழைவு இல்லை, உறங்குவதற்கு எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தில் மூன்றே விஷயங்கள் இருந்தன. முதலில் சிக்கல்: கிடங்கில் பெயின்ட் டப்பா 10 இருக்கிறது. கடை முன்னால் ஒருவர் 4 விற்கிறார், அதே நொடியில் கிடங்கிலிருந்து இன்னொருவர் 5 அனுப்புகிறார். இரண்டு பேரின் திரையும் 10 என்று படித்துக்கொள்கிறது. ஒருவர் 6 என்று எழுதுகிறார், அடுத்தவர் அதன்மேல் 5 என்று எழுதுகிறார். கணக்கில் 5 நிற்கிறது, அலமாரியில் இருப்பதோ 1. அடுத்தது 40 விநாடித் திரைப்பதிவு: இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திருத்துவதற்கு முன் கணக்கு பிசகுவதையும் திருத்திய பின் சரியாக 1 என்று வருவதையும் காட்டுவது. மூன்றாவது, அதைச் சரிசெய்த இடம்: `SELECT ... FOR UPDATE` கொண்டு அந்த வரிசையைப் பூட்டி, இருப்பு போதுமா என்று பார்த்த பிறகே கழிக்கும் பகுதிக்கு ஓர் இணைப்பு. கடையின் உண்மையான பொருள், விலை, வாடிக்கையாளர் பெயர் எதுவும் வெளியே போகாதபடி பதிவுக்கென்று தனியாகத் தரவு தயாரித்தேன்.

டெமோவை எல்லோரும் கைவிட வேண்டும் என்பதல்ல என் பேச்சு. ஃபிரண்ட்எண்ட் வேலைக்கு, பின்னால் சர்வர் எதுவும் தேவைப்படாத பக்கம் என்றால், அதையே நிலையான தளமாகப் போட்டுவிடலாம். அங்கே டெமோவும் பக்கமும் ஒன்றே. வடிவமைப்பாளர்களைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. தங்கையின் விண்ணப்பத்துக்கு உதவிய அளவில், பிஹான்ஸில் ஒரே ஒரு வேலையின் பக்கத்தைத் தந்தது பலித்தது. அவள் முதலில் வைத்திருந்தது கூகுள் டிரைவ் இணைப்பு. டிரைவில் பகிர்வு அமைப்பு மாற்றப்படாவிட்டால், திறப்பவருக்கு அனுமதி கேட்கும் திரைதான் வரும். அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் பொறுமை தேர்வாளருக்கு இருக்காது.

சொந்த டொமைனை விட்டதற்கும் காரணம் பராமரிப்புதான். அழகாக இருக்கும், பெயர் நிற்கும், உண்மை. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் வேறு யாராவது வாங்கிக்கொள்ளலாம், உங்கள் பழைய கடிதங்கள் அவர்களின் பக்கத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும். `github.io` முகவரியிலும் ஒரு கண்ணி உண்டு. கிட்ஹப்பில் பயனர் பெயரை மாற்றினால் களஞ்சிய இணைப்புகள் புதிய இடத்துக்குத் திருப்பிவிடப்படும், கணக்குப் பக்கத்தின் பழைய முகவரியோ பேஜஸ் முகவரியோ அப்படித் திருப்பப்படாது. கல்லூரிக் காலத்து விளையாட்டுப் பெயரை மாற்றுவதாக இருந்தால், முதல் கடிதம் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அறிமுகம் செய்யும் விதத்துக்கு வருவோம். என் பழைய கடிதத்தில், “என் படைப்புகளைக் கீழ்க்கண்ட இணைப்புகளில் காணலாம்” என்று ஒரு வரி இருந்தது. அது படிப்பவருக்கு எதையும் சொல்லவில்லை. கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. புதிய பத்தியின் சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

“ஒரே இருப்பை இருவர் ஒரே நேரத்தில் மாற்றும்போது கணக்கு பிசகாதபடி ஒரு ஹார்டுவேர் கடைக்குச் செயலி எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள். பிசகு எப்படி வந்தது, எப்படிச் சரியானது என்பதை 40 விநாடிப் பதிவாக முதல் இணைப்பில் வைத்திருக்கிறேன். நிரலைப் பார்க்க விரும்பினால் இரண்டாவது இணைப்பில் `stock` கோப்புறையிலிருந்து தொடங்கலாம். திரை வடிவமைப்பு நண்பர் செய்தது. டேட்டாபேஸும் சர்வர் பகுதியும் என்னுடையவை.”

```
https://username.github.io/stock-ledger
https://github.com/username/stock-ledger
```

விளம்பரம் கேட்ட விஷயம் முதல் வாக்கியத்திலேயே வருகிறது. இணைப்பைத் திறக்காதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னதால் திறக்கத் தயக்கம் குறையும். என் பங்கு எது, நண்பரின் பங்கு எது என்று நானே சொன்னதால், நேர்காணலில் சங்கடமான கேள்வி வரவில்லை. முகவரியை முழுதாக எழுதியதற்கும் காரணம் உண்டு: கடிதத்தை அச்செடுத்துப் படிக்கிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. “இங்கே சொடுக்கவும்” என்பது காகிதத்தில் பயன்படாது. சுருக்கு இணைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாததால் அதையும் தவிர்த்தேன்.

களஞ்சியத்துக்குள் ஒரு சிறிய வேலை பாக்கி இருந்தது. விளக்கப் பக்கத்திலிருந்து நிரலின் குறிப்பிட்ட வரிக்கு இணைப்பு தந்தால், பிறகு கோப்பை நகர்த்தும்போது அது உடையும். கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து `y` விசையை அழுத்தினால், அந்த நேரத்து நிலையைச் சுட்டும் நிரந்தர முகவரி வரும். நீளமான எழுத்துக்கோவை என்பதால் கடிதத்துக்கு ஒத்துவராது. விளக்கப் பக்கத்தில் பின்னாலிருக்கும் இணைப்பாக வைப்பதற்கு அதுதான் சரி.

அனுப்புவதற்கு முன், கடிதத்தின் பிடிஎஃபை மனைவியின் போனில், எந்தக் கணக்கிலும் உள்நுழையாத மறைநிலை ஜன்னலில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். பதிவு ஓடத் தொடங்க நேரம் எடுத்தது. கோப்பு 30 எம்பி இருந்தது. 4 எம்பிக்குக் குறைத்து மீண்டும் ஏற்றினேன். ஆறு வாரம் கழித்து நேர்காணலுக்குப் போனபோது, எதிரே இருந்தவர் தன் மடிக்கணினியில் அந்தப் பதிவைத் திறந்து வைத்திருந்தார். முதல் கேள்வியே, “இரண்டாவது ஆள் காத்திருக்கும்போது முதல் ஆளின் இணைப்பு அறுந்துபோனால் பூட்டு என்ன ஆகும்?” என்பதுதான்.