நேரம் வைத்த சிக்னலா, வண்டியைப் பார்த்து மாறும் சிக்னலா?

பாலக்காட்டிலிருந்து வாளையார் போகும் நெடுஞ்சாலையில் ஒரு மூன்று முக்கு ஜங்ஷன். பழைய சிக்னல் பெட்டியை மாற்றும் பேச்சு வந்தபோது, இரண்டில் எதை வைப்பது என்று முடிவு சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். சிக்னல் பராமரிப்புதான் என் பிழைப்பு. நேரம் வைத்த சிக்னலையே நான் கேட்டேன், அதையே வைத்தோம். அதற்கான காரணங்களை எழுதுகிறேன்.

இரண்டின் அடிப்படையும் தெரிந்ததே. முதல் வகையில் பச்சை எத்தனை நொடி என்பதை நாமே முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைக்கிறோம். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பல திட்டங்களைப் பெட்டியில் ஏற்றலாம். இரண்டாவது வகையில் சாலையில் புதைத்த கம்பிச் சுருளோ கம்பத்துக் கேமராவோ வண்டியைக் கண்டுபிடிக்கும். குறைந்தபட்சப் பச்சை முடிந்தபின் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மூன்று நொடி நீட்டிக்கும். இடைவெளி விழுந்தால் அடுத்த பக்கத்துக்கு மாறும். வண்டிகள் விடாமல் வந்தால் அதிகபட்ச வரம்பில் நிறுத்திக்கொள்ளும்.

ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டாவது வகைதான் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆளில்லாத பக்கச் சாலைக்காக நெடுஞ்சாலையை நிறுத்தி வைக்காது. ஆனால் ஒரு ஜங்ஷனுக்கு நெருக்கடி எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. எங்களுக்குக் காலையிலும் மாலையிலும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரம், பொள்ளாச்சிப் பக்கத்துக் காய்கறி லோடு, கோயம்புத்தூர் போகும் பஸ், எல்லாம் ஒன்றாகச் சேரும். அந்த நேரத்தில் எந்தப் பக்கமும் காலியாவதில்லை. அதனால் வண்டியைப் பார்க்கும் சிக்னல் எல்லாப் பக்கத்திலும் அதிகபட்ச வரம்பைத் தொட்டுத் தொட்டுத்தான் மாறும். அதாவது, அதுவும் நேரம் வைத்த சிக்னலாகவே ஓடும். அந்த வரம்பைக் கணக்குப் பார்க்காமல் வைத்திருந்தால் மோசமான ஒன்றாக ஓடும்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். எல்லாப் பக்கமும் ஒரு தடவை பச்சை கண்டு முடிய எத்தனை நொடி வைப்பது என்பதற்கு, 1958-இல் இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்பவர் வகுத்த சூத்திரம் இன்றும் நம் ஊர்களில் புழங்குகிறது. முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விகிதம் எடுக்க வேண்டும்: மணிக்கு வரும் வண்டிகள், பச்சை விடாமல் எரிந்தால் மணிக்குப் போகக்கூடிய வண்டிகளில் எவ்வளவு பங்கு என்று. எல்லா வண்டியையும் கார் கணக்காக மாற்றிக்கொள்வோம். பைக்குக்குக் காரில் சுமார் பாதி, லாரிக்கு இரண்டுக்கு மேல். பச்சை விடாமல் எரிந்தால், பழைய வழக்கப்படி சாலை அகலத்தில் மீட்டருக்கு மணிக்கு 525 கார் போகும். ஒரு பக்கம் 7 மீட்டர் என்றால் 3675. அதில் 1470 வந்தால் விகிதம் 0.40.

நெடுஞ்சாலைக்கு 0.40, நெடுஞ்சாலையிலிருந்து வலது திரும்புவோருக்கு 0.12, பக்கச் சாலைக்கு 0.18 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 0.70. ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டிகள் கிளம்பும் தாமதமும் எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் நேரமுமாகச் சுமார் 4 நொடி வீண்போகும். மூன்று மாற்றத்துக்கு 12. இதில் ஒன்றரை மடங்கு எடுத்து 5 கூட்டினால் 23. அதை 1-இலிருந்து 0.70 போக மிஞ்சும் 0.30-ஆல் வகுத்தால் 77 நொடி கிடைக்கிறது. ஒரு முழுச் சுற்று அதுதான். வீண்போகும் 12 கழிய மீதி 65-ஐ விகிதப்படி பிரித்தால் நெடுஞ்சாலைக்கு 37, வலது திரும்ப 11, பக்கச் சாலைக்கு 17.

இப்போது ஓணத்துக்கு முந்தின வாரம் என்று நினையுங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடி 0.48 ஆகிறது. சுற்று 105 நொடிக்குப் போய்விடும். இன்னும் அதே அளவு கூடினால் 164. அவ்வளவு நீளத்துக்கு யாரும் விட மாட்டார்கள், 120-ஐ ஒட்டி நிறுத்திவிடுவோம். நீளச் சுற்றால் வேறொரு கேடு உண்டு. வலது திரும்ப ஒதுக்கிய பாதையில் இடம் போதாமல் வரிசை நேர் போகும் பாதைக்குள் நீளும். முன்னால் பச்சை எரிந்தும் வண்டி நகராது. பச்சையில் வெற்றுத் தார் தெரிகிறதே, பின்னால் ஹாரன் ஏன் கேட்கிறது என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இதுவரை இரண்டும் ஏறக்குறைய சமம். தீர்மானித்தது பராமரிப்புதான்.

கம்பிச் சுருள் என்பது, தாரில் ரம்பத்தால் மெல்லிய பள்ளம் வெட்டி, சில சுற்றுக் கம்பி இட்டு, மேலே அடைத்துவிடுவது. இரும்பு மேலே வந்தால் மின்தூண்டல் மாறும், பெட்டி அதைக் கண்டுகொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் சாலையை மேல்தோல் சுரண்டிப் புதுத் தார் போடுவார்கள். கம்பியும் அந்த ஆழத்தில்தான் கிடக்கும், அதோடு போய்விடும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினாலும் அதே கதி. வெட்டியவருக்குக் கீழே கம்பி இருந்ததே தெரியாது. சாலை ஒரு துறை, குழாய் ஒரு துறை, சிக்னல் இன்னொரு ஒப்பந்தம்.

கம்பி அறுந்தால் விளக்கு அணையாது. அதுதான் ஆபத்து. பாதுகாப்புக்காக, அந்தப் பக்கம் எப்போதும் வண்டி நிற்கிறது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். சுற்றுக்குச் சுற்று அதிகபட்சப் பச்சையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விளக்கு எரிவதால் புகாரும் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி: சந்தடி ஓய்ந்தபின் பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். வண்டியே இல்லாத பக்கச் சாலைக்கு ஒவ்வொரு முறையும் முழு நீளப் பச்சை விழுந்தால், அந்தச் சுருள் செத்துவிட்டது.

கேமராவுக்கு வெட்டு இல்லை. ஆனால் ஜூன், ஜூலையில் கணவாய்க் காற்றோடு மழை சாய்ந்தடிக்கும்போது கண்ணாடி மங்கும், ஈரச் சாலையில் முகப்பு விளக்கு பளபளப்பதை வண்டி என்று எண்ணும். ராடார் வைத்த ஜங்ஷனில் நான் வேலை பார்த்ததில்லை. மழையைத் தாங்கும் என்று வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதை நான் எடை போட முடியாது.

நேரம் வைத்த சிக்னலுக்கும் வேலை உண்டு, ஆனால் அது கையில் அடங்கும். பெட்டியின் கடிகார பேட்டரி செத்தால், மின்சாரம் போய் வந்தபின் மாலையில் காலைத் திட்டம் ஓடும். அவ்வப்போது மணி பார்த்தாலே போதும். வண்டிகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப எண்ண வேண்டும். எண்ணுபவர் சிவப்பில் வண்டிகள் நிற்கும் கோட்டருகே நிற்கக்கூடாது. அங்கே எண்ணினால் பச்சை எவ்வளவு விட்டதோ அதுதான் கிடைக்கும், எவ்வளவு வந்தது என்பது கிடைக்காது. வரிசையின் வாலில் வந்து சேர்வதைக் கால் மணிக்கு ஒரு தடவையாக எழுத வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு: நொடி குறையும் பலகை இதில் உண்மை பேசும். மற்றதில் பச்சை எப்போது முடியும் என்று பெட்டிக்கே முன்கூட்டித் தெரியாது.

ராத்திரிக்கு என்ன செய்தோம் என்றால், சுற்றைக் குறைத்த ஒரு திட்டம், நள்ளிரவுக்குப் பிறகு மஞ்சள் மினுக்கல். வண்டியைப் பார்க்கும் சிக்னல் அளவுக்கு இது நயமில்லைதான்.

நெடுஞ்சாலையை எப்போதாவது ஒரு டிராக்டரோ பள்ளி வேனோ கடக்கிற ஊர்ச் சாலையாக இருந்தால் நான் இரண்டாவது வகையைத்தான் கேட்பேன். தார் போடும்போது சுருளைத் திரும்பப் பதிக்கும் செலவு யாருடையது என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவேன்.