அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணும் கணக்கு: சில வருட அனுபவம்

என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. நான் அம்பாசமுத்திரத்தில் அத்தை மாமாவோடு இருக்கிறேன். குழந்தைக்காக முயன்ற காலத்தில், எந்த வாரம் அவர் லீவு போட்டு ஊருக்கு வர வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் ஸ்டிரிப், முட்டை வெளிவருவது "இன்றோ நாளையோ" என்று சொல்லும். அதைப் பார்த்துவிட்டு அவர் ரயில் ஏறினால் நாள் போய்விடும். மூன்று வாரம் முன்னாலேயே தேதி சொல்லக்கூடிய வழி என்று பார்த்தால் காலண்டர் கணக்கு ஒன்றுதான். அதைச் சில வருடங்கள் விடாமல் பயன்படுத்தியிருக்கிறேன். என்னைப் போல 34, 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு ஆகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, "பதினாலாம் நாள் முட்டை வெளிவரும்" என்பது. அது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். எங்கள் அத்தை இன்னொரு கணக்கு சொல்வார்கள்: "ஏட்டி, தூரமாகிப் பதினாறு நாளு தாண்டிட்டா அந்த மாசம் அவ்வளவுதான்." இரண்டிலும் எண்ணிக்கை மாதவிலக்கு ஆன நாளிலிருந்து முன்னோக்கிப் போகிறது. நீண்ட சுழற்சி உள்ள பெண்ணுக்கு இரண்டும் இடறும். ஏனென்றால் மாதவிலக்கு தொடங்கிய நாள் முதல் முட்டை முதிர்ந்து வெளிவருவது வரை உள்ள முதல் பாதிதான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீளும், குறுகும். முட்டை வெளியே வந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரை உள்ள இரண்டாம் பாதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே நிற்கும். முட்டை விட்டுப்போன இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு புரோஜெஸ்ட்ரோன் சுரந்து கருப்பையின் உட்படலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்காவிட்டால் அந்தத் திசுவுக்கு ஆயுள் ஏறக்குறைய அவ்வளவுதான். அது சுருங்கியதும் மாதவிலக்கு வந்துவிடும். அதனால் பின்னாலிருந்து எண்ணினால் பிழை குறைவு.

இதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானிய மருத்துவர் ஒகினோ. அறுவை சிகிச்சையின்போது சினைப்பைகளை நேரில் பார்த்து, அந்தப் பெண்களின் மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டு, 1924இல் வெளியிட்டார். அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு முட்டை வெளிவருகிறது என்பது அவர் முடிவு. பின்னால் வந்த ஆப்களும் இணையக் கணிப்பான்களும் அதைப் பதினாலு என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட்டன. அவர் விட்ட இடைவெளி எவ்வளவு தேவையானது என்று என் சொந்தக் கணக்கிலேயே பார்த்தேன், கீழே சொல்கிறேன்.

முதலில் சுழற்சி நீளத்தைச் சரியாக எடுக்க வேண்டும். நன்றாக உதிரப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். முந்தைய நாள் லேசாகக் கறை பட்டதைச் சேர்க்கக் கூடாது. அன்றிலிருந்து அடுத்த உதிரப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை எண்ணினால் வருவது ஒரு சுழற்சி. ஒரு மாதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குறைந்தது ஆறு மாதத் தேதிகள் வேண்டும், ஒரு வருடம் இருந்தால் நல்லது. அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்தால் எனக்குக் குறைந்தது 31, அதிகம் 36, பெரும்பாலும் 34.

2024 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். மாதவிலக்கு ஆனது 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. 34 நாள் என்று வைத்தால் அடுத்தது ஏப்ரல் 6. அதிலிருந்து 14 நாள் பின்னால் வந்தால் மார்ச் 23. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையோ வெளியே வந்தபின் ஒரு நாள்கூடத் தாங்குவது கஷ்டம். ஆகவே வாய்ப்புள்ள நாட்கள் 23ஆம் தேதியும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும், அதாவது 18 முதல் 23 வரை. அதிலும் கடைசி இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் வலு அதிகம். 24ஆம் தேதி வந்து இறங்கினால், கணக்குப்படி வாசல் அடைத்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் ஆகும். 34 என்பது எதிர்பார்ப்பு மட்டும்தானே! அந்த மாதம் 31இல் வந்தால் அடுத்தது ஏப்ரல் 3, முட்டை நாள் மார்ச் 20, வாய்ப்பு 15 முதல் 20 வரை. 36 ஆனால் ஏப்ரல் 8, மார்ச் 25, வாய்ப்பு 20 முதல் 25 வரை. ஆக மொத்தம் 15 முதல் 25 வரை பதினோரு நாட்களுக்குள் எங்கோ ஆறு நாள். மூன்று கணக்கிலும் வருகிற ஒரே தேதி 20. "பதினாலாம் நாள்" கணக்கு காட்டிய தேதி 16. அவர் அந்த வார இறுதிக்கு மட்டும் வந்து திரும்பியிருந்தால், 23ஆம் தேதி வரப்போகும் முட்டைக்கு அந்தப் பயணத்தால் ஒரு பயனும் இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். பதினோரு நாள் லீவு யாரும் தர மாட்டார்கள். அந்த வருடம் பங்குனி உத்திரம் 25ஆம் தேதி, திங்கட்கிழமை. எங்கள் பக்கத்தில் அதற்குச் சாஸ்தா கோயிலுக்கு எப்படியும் வந்தாக வேண்டும். அதனால் 19ஆம் தேதி இரவு ரயில் ஏறி 20 காலையில் வந்து, உத்திரம் முடித்துத் திரும்புவது என்று முடிவு செய்தோம். 20 முதல் 25 வரை எந்த நாளில் முட்டை வந்தாலும் அவர் ஊரில் இருப்பார். தினமும் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த நாட்களுக்குள் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும் என்று பாளையங்கோட்டையில் நான் காட்டும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு எங்களுக்குப் பெரிய நிம்மதி. தேதி பார்த்துச் சேர்வது கொஞ்ச நாளிலேயே இருவருக்கும் பாரமாகிவிடும். பலரும் இதை வெளியில் சொல்வதில்லை.

அந்த மாதம் ஸ்டிரிப்பும் வைத்துப் பார்த்தேன். 23 மாலைதான் சோதனைக் கோடு நன்றாக அடர்ந்தது. அதன்பின் ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வரும் என்பதால் உண்மையான நாள் 24 அல்லது 25. மாதவிலக்கு எதிர்பார்த்தபடியே ஏப்ரல் 6இல் வந்தது. அப்படியானால் என் இரண்டாம் பாதி 14 இல்லை, 12 அல்லது 13. அடுத்து வந்த மாதங்களிலும் அப்படியே இருந்தது. சுழற்சி நீளம் துல்லியமாகச் சரியாக வந்த மாதத்திலேயே 14 என்ற எண் ஒன்றிரண்டு நாள் தள்ளிக் காட்டியது. அதற்குப் பிறகு நான் 13 வைத்துத்தான் பின்னோக்கி எண்ணினேன். இந்தக் கணக்கை நீண்ட நாள் நம்பப் போகிறவர்கள் சில மாதமாவது ஸ்டிரிப்போடு சேர்த்துப் பார்த்துத் தங்களுக்கான எண்ணைக் கண்டுகொள்வது நல்லது. என் ஆப் எப்போதும் 14தான் கழித்தது, அதை மாற்ற வழி இல்லை. மாதவிலக்குத் தாமதமானால் பழைய தேதிகளைச் சத்தமில்லாமல் நகர்த்தியும் வைத்தது. அதனால்தான் முதலில் கணித்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டையும் காலண்டரிலேயே எழுதி வைத்தேன்.

கணக்கு முற்றிலும் விட்டுப்போன மாதமும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு முறை கடுமையான காய்ச்சல் வந்தது, அதுவும் மாதவிலக்கு முடிந்த வாரத்தில். உடம்பு முடியாமல் போனால் முட்டை முதிர்வதும் தள்ளிப்போகும். அந்த மாதம் நான் கணித்த நாட்கள் வந்து போய்விட்டன, எந்த அறிகுறியும் இல்லை. வழக்கமாக முட்டை வரும் நாட்களை ஒட்டி வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, இரண்டு விரலில் இழுத்தால் நீளும்படி இருக்கும். அது ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தது. மாதவிலக்கும் அதே அளவு தள்ளி வந்தது. காலண்டர் இதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் போன மாதங்கள்தான். தேதியை வைத்து டிக்கெட் போடலாம். அந்த வாரம் வந்ததும் உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

நாள் சரியாக அமைந்தாலும் எல்லா மாதமும் கரு தங்கிவிடாது. எங்களுக்கும் உத்திர மாதத்தில் தங்கவில்லை, பிறகு ஒரு மாதத்தில் தங்கியது. 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடமும், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதமும் முயன்றபின் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிராமல் இருவருமாகப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். என் மதினிக்குப் பி.சி.ஓ.எஸ். ஒரு முறை 40 நாள், இன்னொரு முறை 70 நாள். அவர்கள் தேதியை வைத்து நான் மேலே சொன்ன குறைந்தது, அதிகம் கணக்கைப் போட்டால் ஒரு மாதத்துக்கும் மேலான இடைவெளி வரும். அந்த மாதம் முட்டை வெளியே வருமா என்பதே நிச்சயமில்லை. அவர்களுக்கு ஸ்கேன் பார்த்து முட்டை வளர்வதைக் கவனித்ததுதான் பயன்பட்டது.

பிரசவத்துக்குப் பிறகு இந்தக் கணக்கை நானே நிறுத்திவிட்டேன். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கே இல்லை, எண்ணத் தொடங்க ஒரு தேதியும் இல்லை. ஆனால் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். "இன்னும் குளிக்கவே இல்லையே" என்று இருந்து அடுத்த பிள்ளை உண்டானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பிள்ளைக்கு இடைவெளி விட நாங்கள் காப்பர் டி வைத்துக்கொண்டோம். பதினோரு நாள் அகலமுள்ள என் கணக்கு, எப்போது சேரலாம் என்று சொல்லத் தாங்கும். மீதி நாட்கள் பத்திரம் என்று சொல்ல அதனால் முடியாது. காய்ச்சல் வந்த அந்த மாதத்தில் முட்டை வந்ததே கணக்கு "பத்திரம்" என்று காட்டியிருக்கக்கூடிய நாட்களில்தான்.