முட்டைப் பெட்டிக்கு ஒற்றை வரம்பா, இரட்டை வரம்பா?

மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் ரெஜிபோம் பெட்டி, 40 வாட் இழை மின்குமிழ் ஒன்று, காற்றைச் சுழற்ற ஒரு சிறு விசிறி. ஊர்க்கோழி முட்டை பொரிக்க இவ்வளவும் போதும். மின்குமிழை எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி:

```
heater = (t < 37.5);
```

இரண்டாவது வழி:

```
if (t <= 37.4) heater = true;
else if (t >= 37.7) heater = false;
```

என் பெட்டியில் ஓடுவது இரண்டாவது. ஆகவே தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அதில் 37.4 பாகைக்கும் 37.7 பாகைக்கும் இடையில் எந்தக் கட்டளையும் இல்லை. எரிந்துகொண்டிருந்தால் எரியும், அணைந்திருந்தால் அணைந்தே இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ்.

முதல் வழி எழுதச் சுலபம், மனத்துக்கும் துல்லியமாகப் படும். அதன் சிறப்பு அத்துடன் முடிகிறது.

சென்சர் தரும் எண் ஒருபோதும் அசையாமல் நிற்காது. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரை அதே அளவு தடையுடன் தொடுத்து 10 பிட் ஆர்டுயினோவில் வாசித்தால், 37 பாகை அளவில் ஒரு படி ஏறக்குறைய 0.1 பாகை. காற்று அசையாமல் இருந்தாலும் வாசிப்பு ஒரு படி மேலும் கீழுமாகத் துடிக்கும். மின்குமிழை ஏற்றி அணைக்கும் ரிலேயின் சுருளும் சென்சரும் ஒரே மெல்லிய தரைக் கம்பியைப் பகிர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ரிலே இழுத்தவுடன் அந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டமே வாசிப்பை நகர்த்தி, ரிலேயை மறுபடி விடச் சொல்லக்கூடும்.

வெப்பநிலை வரம்பைக் கடக்கும் வேகம் குறையக் குறைய இந்தத் துடிப்பு நீளும். நிமிடத்துக்கு அரைப் பாகை ஏறினால் 0.2 பாகை அகலமுள்ள குழப்பப் பட்டையைக் கடக்க 24 விநாடி ஆகும். விநாடிக்கொரு முறை வாசித்தால் அதற்குள் ரிலே ஐந்தாறு முறை இழுத்து விடலாம். கச்சான் காற்று வீசும் பிற்பகலில் அறையே 34 பாகையைத் தொடும்போது பெட்டி மிக மெதுவாகத்தான் ஆறும். அப்போது ஒவ்வொரு கடப்பும் நிமிடக் கணக்கில் இழுபடும். மின்குமிழ் சிமிட்டும், ரிலே டிக் டிக் என்று விடாமல் தட்டும். கேட்டாலே தெரிந்துவிடும்.

தீர்ப்பை முடிவு செய்வது ரிலேயின் ஆயுள். சாதாரண நீல ரிலேக்களுக்கு முழுச் சுமையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் இயக்கம் என்று தகவல் தாள்கள் சொல்கின்றன. இரட்டை வரம்பில் நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் நாளுக்கு 360 இயக்கம். ஒரு இலட்சத்துக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். ஒற்றை வரம்பில் சுற்றுக்குப் பத்து முறை தட்டினால் நாளுக்கு 3,600. ஏறக்குறைய 28 நாளில் கணக்கு முடியும். ஒரு அடை 21 நாள். 40 வாட் முழுச் சுமைக்கு வெகு கீழே என்பதால் உண்மையில் கூடுதல் நாள் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் குளிர்ந்த இழை ஏற்றும் கணத்தில் வழக்கத்தைப் போல் பத்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த தொடுமுனை ஒட்டிக்கொண்டால் மின்குமிழ் அணையவே அணையாது, அத்தனை முட்டையும் வெந்துவிடும். இழப்பு ரிலேயின் விலையோடு நிற்காது.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? வாசிப்பின் துடிப்பைவிட இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 0.1 துடித்தால் 0.3 நல்ல தொடக்கம். ஆனால் பெட்டிக்குள் ஊசல் 0.3 உடன் நிற்காது. 37.7 இல் அணைத்தாலும் சூடான கண்ணாடி காற்றை 37.9 வரை தள்ளும், 37.4 இல் ஏற்றினாலும் சூடு பரவுவதற்குள் 37.2 வரை இறங்கும். விசிறியுள்ள பெட்டிக்குச் சராசரி 37.5 அளவில் நின்றால் போதும். முட்டையின் உட்பகுதி நான்கு நிமிட ஊசலுக்கு அவ்வளவாக அசையாது. ஊசல் ஒரு பாகையைத் தாண்டினால் இடைவெளியைக் குறுக்குவதில் பயனில்லை. சிறிய மின்குமிழைப் போட வேண்டும், அல்லது விசிறியைச் சரிபார்க்க வேண்டும்.

நிரல் எழுத விரும்பாதவர்கள் W1209 என்ற ஆயத்த வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகையை வாங்கலாம். அதில் இடைவெளியின் பெயர் P1, தொழிற்சாலையில் வைத்து வருவது 2 பாகை. முட்டைக்கு அது மிக அகலம், 0.3 ஆக்குங்கள். P0 எழுத்து H ஆக இருக்க வேண்டும், C குளிரூட்டலுக்கு. இடைவெளி நீங்கள் வைத்த எண்ணின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை, முட்டை வைக்கும் முன் வேறொரு வெப்பமானியுடன் ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள்.

பல வாசிப்புகளின் சராசரியை எடுத்தால் துடிப்பு குறையும், முற்றாகப் போகாது, தாமதமும் சேரும். திண்மநிலை ரிலேயுடன், சூட்டைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பிஐடி முறையை வைத்தால் தேயும் தொடுமுனையே இல்லை. ஆயிரக்கணக்கில் முட்டை வைப்பவர்களுக்கு அது பொருந்தலாம். என் அனுபவம் ஒரு மீன்பெட்டியளவுதான்; அந்த அளவுக்குப் பிஐடியின் எண்களைச் சரிசெய்யும் பாடு அதிகம் என்றே நினைக்கிறேன்.