நெஞ்சில் கேட்பது விசிலா, நொறுநொறுப்பா?

கோத்தகிரிப் பக்கம் பனி இறங்கும் மாதங்களில் ஓபிக்கு வருகிறவர்களில் நிறைய பேர் சொல்வது ஒன்றுதான்: "நெஞ்சு இழுக்குது டாக்டர்." இழுப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே நமக்கும் கை நெபுலைசர் பக்கம் போய்விடுகிறது. ஆனால் ஸ்டெதாஸ்கோப்பில் விசில் போலக் கேட்கும் வீஸ் ஒரு ரகம், நொறுநொறுவென்று கேட்கும் கிராக்கிள்ஸ் இன்னொரு ரகம், இரண்டும் பிறக்கிற விதமே வேறு.

முதலில் சாதாரண மூச்சு. முதுகுப் பக்கம் வைத்துக் கேட்டால் மெல்லிய ஓசை, மூச்சை இழுக்கும்போது நன்றாகக் கேட்கும், விடும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் கேட்டு அப்படியே மங்கிவிடும். சத்தம் உருவாவது பெரிய குழாய்களில்தான், காற்று நிறைந்த நுரையீரல் அதன் கூர்மையை உறிஞ்சிக்கொள்கிறது. நிமோனியாவில் ஒரு பகுதி கெட்டிப்பட்டுவிட்டால் அந்த உறிஞ்சல் போய், தொண்டைக்குழி மேல் கேட்கும் கரகரப்பான மூச்சு அப்படியே முதுகில் கேட்கும்.

வீஸ் என்பது குழாய் சுருங்கி, அதன் சுவரே அதிர்வதால் வரும் சத்தம். விட்டுவிட்டு வராது, இழுத்துக்கொண்டே போகும். மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி குழாய்கள் இன்னும் ஒடுங்குவதால் அப்போதுதான் அதிகம் கேட்கும். ஆஸ்துமாவில் இரண்டு பக்கமும், பல சுருதிகளில். ஒரே இடத்தில், ஒரே சுருதியில், இருமினாலும் மாறாமல் இருந்தால் அங்கே ஏதோ அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், குழந்தை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்ட வேர்க்கடலை, பெரியவர் என்றால் கட்டி. இன்னொன்று: சத்தம் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று அர்த்தமில்லை. மூச்சுத் திணறும் ஆஸ்துமாக்காரரின் நெஞ்சில் சத்தமே இல்லை என்றால், காற்றே போகவில்லை என்பதால் அதுதான் ரொம்ப ஆபத்து.

கிராக்கிள்ஸ் தனித்தனி வெடிப்புகள். இதிலும் இரண்டு. காதோரத்து முடியை விரலால் தேய்த்துப் பாருங்கள், நுண்ணிய ரகம் அப்படித்தான் இருக்கும். மூடிக்கிடந்த சின்னக் குழாய்கள் மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில் பட் பட்டென்று திறப்பதால் வருவது, இருமினாலும் போகாது. பருத்த ரகம் பெரிய குழாய்களில் சளி இருப்பதால் வருவது, இழுக்கத் தொடங்கும்போதே வரும், விடும்போதும் வரலாம், இருமிச் சளி நகர்ந்ததும் மாறிவிடும். ஸ்வெட்டருக்கு மேலே வைத்துக் கேட்டால் கம்பளி உரசுவதும் நுண்ணிய கிராக்கிள்ஸ் போலவே இருக்கும். குளிருக்குப் பயந்து துணியோடு கேட்பது இங்கே ரொம்பவே சகஜம், தயவுசெய்து வேண்டாம்.

சரி, இதையெல்லாம் ஒரே ஆளிடம் வைத்துப் பார்ப்போம். கொழுந்து பறித்து ஓய்ந்த 62 வயது அம்மா, பல வருடம் விறகடுப்பு, இன்ஹேலரும் வைத்திருக்கிறார். ராத்திரி 2 மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலை. "பழைய இழுப்புதான் டாக்டர், மெஷின் வெச்சா சரியாயிடும்" என்கிறாள் மகள். முன்பக்கம் கேட்டால் இரண்டு பக்கமும் வீஸ், மகள் சொல்வது சரி என்றே தோன்றும். முதுகில் கீழே போனால் இருபுறமும், மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில், நுண்ணிய கிராக்கிள்ஸ் தோள்பட்டை எலும்பின் பாதி உயரம் வரை. இரண்டு தடவை இருமச் சொன்னாலும் அப்படியே இருக்கிறது. அப்புறம்தான் கழுத்து நரம்பு புடைத்திருப்பதும், காலில் விரலால் அமுக்கினால் குழி விழுவதும் கண்ணில் படும்.

இது இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தது. நீர் கோத்த குழாய்ச் சுவர் வீங்குவதால் வீஸும் கூடவே வருகிறது. நெபுலைசர் மட்டும் வைத்தால் துடிப்பு கூடும், நீர் அங்கேயே இருக்கும். ஈசிஜி எடுத்து, ஆக்ஸிஜன், நீரை வெளியேற்றும் பியூரோசமைடு ஊசி, நிமிர்த்தி உட்கார வைப்பது. நீர் போகப்போக கிராக்கிள்ஸின் மேல்விளிம்பு தோள்பட்டையிலிருந்து அடிப்பக்கத்துக்கு இறங்குவதைக் காதாலேயே தொடரலாம்.

காது மட்டும் போதாத இடங்களும் உண்டு. விறகுப் புகையால் குழாய் கெட்டவருக்கு இதயமும் தளர்ந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கும்போது எக்ஸ்ரே, எக்கோ இல்லாமல் பிரிக்க முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் வயதானவருக்கு அடிப்பக்கம் நாலைந்து கிராக்கிள்ஸ் கேட்கும், ஆழமாக நாலு மூச்சு இழுக்கச் சொன்னால் போய்விடும், அதற்கு மருந்தே வேண்டாம். நீரெல்லாம் இறங்கி, கால் வீக்கமும் வடிந்து, கிராக்கிள்ஸ் மட்டும் துளியும் குறையவில்லை என்றால் நுரையீரல் தழும்பாகி இறுகுகிற நோயா என்று பார்க்க சிடி ஸ்கேனுக்கு அனுப்புங்கள், ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.