கூர்ச்சீட்டா, ரிஜிஸ்டர் பண்ண பாகப்பிரிவினை பத்திரமா?

அப்பா சொத்த நானும் தம்பியும் பிரிச்சப்போ சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "கூர்ச்சீட்டு எழுதி ஆளுக்கு ஒரு கையெழுத்து போடுங்கடா, எதுக்கு தண்டச்செலவு". நாங்க ரிஜிஸ்டர்தான் பண்ணோம்.

பதியாம குடும்பத்துக்குள்ளயே எழுதிக்கிற பங்குச் சீட்டுதான் கூர்ச்சீட்டு, செலவுல அதுதான் ஜெயிக்கும், அதுல பேச்சே இல்ல. ஆனா தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை பிரியிற பங்கோட மதிப்புல 1 சதவீதம்தான், அதுவும் 2023 ஜூலைல இருந்து ஒரு பங்குக்கு 40,000 ரூபாய்க்கு மேல போகாது. கிரயப் பத்திரத்துக்கு ஆகுறத நெனச்சு பயப்பட வேண்டாம்.

முக்கியமான விஷயம் எழுத்துல இருக்கு. "போன தை மாசம் வாய்மொழியா பிரிச்சுக்கிட்டோம், அத ஞாபகத்துக்கு எழுதி வைக்கிறோம்"னு நடந்து முடிஞ்சத எழுதுனா ரிஜிஸ்டர் கட்டாயமில்ல, 1976ல காலே வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. ஆனா நம்ம ஊர்ல முக்காவாசி சீட்டுல "இன்று முதல் வடபாகம் அண்ணனுக்கு, தென்பாகம் தம்பிக்கு, அவரவர் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்க வேண்டியது"ன்னு இருக்கும். அந்த "இன்று முதல்" வந்துட்டா அந்த காகிதமே பங்க உண்டாக்குதுன்னு அர்த்தம், பதிவுச் சட்டம் 17வது பிரிவுல மாட்டிக்கும். பதியாம விட்டா 49வது பிரிவுப்படி வடபாகம் உங்களுதுன்னு காட்ட அது செல்லாது, யார் அனுபவத்துல இருந்துச்சு மாதிரி பக்கவாட்டு விஷயத்துக்கு மட்டும் கோர்ட் பாக்கலாம்.

அதுக்கும் முத்திரை சரியா இருக்கணும், முத்திரைச் சட்டம் 35வது பிரிவு பக்கவாட்டு விஷயத்துக்கும் விடாது. உதாரணத்துக்கு 12,000 கட்ட வேண்டிய சீட்ட 100 ரூபா பத்திரத்துல எழுதி கோர்ட்ல நீட்டுனா, குறையுற 11,900, அதுக்கு மேல பத்து மடங்கு அபராதம் 1,19,000, ஆக 1,30,900. இவ்வளவு கட்டியும் சரியாகுறது முத்திரை மட்டும்தான், பதியாத குறை அப்படியே நிக்கும், ஏன்னா எழுதுன நாள்ல இருந்து 4 மாசத்துக்குள்ள பதியணும், அபராதத்தோட இன்னொரு 4 மாசம், அதோட கதவு சாத்தியாச்சு.

விக்கும்போதுதான் இதெல்லாம் வெளிய வரும். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று போட்டா கூர்ச்சீட்டு அதுல வராது, சொத்து இன்னும் அப்பா பேர்லயே நிக்கும், வாங்குறவரோட வக்கீல் "எல்லா வாரிசும் கையெழுத்து போடணும்"னுவார், அன்னைக்கு தம்பி கூட பேச்சுவார்த்தை இருக்கணுமே. எங்க பத்திரத்துல ஷெட்யூல் ஏ, பி-ன்னு நாலு எல்லையோட பிரிச்சிருக்கு, என் பாகத்த நான் மட்டும் கையெழுத்து போட்டு விக்கலாம்.

விக்கிற எண்ணமே இல்ல, லோனும் வேணாம்னு இருக்கறவங்களுக்கு கூர்ச்சீட்டு ஓடும்தான், "இன்று முதல்" இல்லாம எழுதுங்க, கூடப்பொறந்த பொண்ணுங்க கையெழுத்தையும் விடாதீங்க.